கையக் கூப்பி வச்சா அவளால பேச ஏலாது: காது கேளாத தங்கச்சியும் அவள்ட கூட்டாளிகளும் கும்பிடுற விதம்

என்ட தங்கச்சிக்குப் பிறவியிலயே காது கேளாது, அதால பேச்சும் வரல்ல. சின்ன வயசுல இருந்து அவளுக்கும் ஊருக்கும் நடுவுல நிண்டு கதைச்சிக் குடுக்கிறது நான்தான். எங்கட ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை, படுவான்கரப் பக்கம். சனம் என்னட்டக் கேக்கிற கேள்வி எப்பவும் ஒண்டுதான், "இந்தப் புள்ள எப்பிடிகா கும்பிடுற, மந்திரமும் தெரியாது தேவாரமும் பாட ஏலாது, சாமிட்ட என்னத்தச் சொல்லும்?" எண்டு. அவளோட ஒண்டாப் படிச்ச பொடியன் ஒருத்தன் அக்கரைப்பற்று, முஸ்லிம், இன்னொரு புள்ள மட்டக்களப்பு டவுண், கத்தோலிக்கம். மூணு பேரும் இண்டைக்கும் நல்ல கூட்டு, லீவு எண்டா ஒரு வீட்டுல கூடி மணிக்கணக்காக் கையால கதைப்பாங்க, அதுல சாமிக் கதையும் வரும். அவங்களோட இருந்துதான் நான் இதப் பத்திக் கொஞ்சம் அறிஞ்சன். வாய் பேச ஏலாது எண்டது மூணு பேருக்கும் ஒரு தடையே இல்ல, அதுக்கு வழி எல்லா மார்க்கத்துலயும் எப்பவோ சொல்லி வச்சிட்டாங்க. அவங்க தடுமாறுறது வேற விசயத்துல, எப்ப எழும்புறது எப்ப குனியிறது எண்டு தெரியாது, ஆர் என்ன சொல்றாங்க எண்டு முகம் தெரியாது, சாமிட்ட மட்டும் சொல்ல வேண்டியத மூணாம் ஆள் பாத்திருவாங்க.

முதல்ல தங்கச்சிட கதைய சொல்றன். மனசுக்குள்ள கும்பிடு எண்டு எங்களுக்குச் சொன்னா உள்ளுக்கு ஒரு குரல் ஓடும் தானே, எங்கட குரலே எங்களுக்குக் கேக்கும். அவளுக்கு சத்தம் எண்ட சாமானே தெரியாது, அவளுக்கு உள்ளுக்கு ஓடுறது கை. ராவைல பாயில படுத்திருக்கக்குள்ள பாத்தா வயித்துக்கு மேல விரல் சின்னச் சின்னதா அசையும், கண் மூடித்தான் இருக்கும், அது அவ முருகனோட கதைக்கிறா. முருகனுக்கு அவள்ட சைகை, ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நுனியக் கூராக்கி வேல் மாதிரிப் புடிக்கிறது, அது எங்கட வீட்டுல அவளே உண்டாக்கினது.

கோயில்ல நடக்கிற பெரிய அநியாயம் என்னெண்டா, பக்கத்துல நிக்கிற ஆச்சிமாரு பாசத்துல அவள்ட ரெண்டு கையையும் புடிச்சி நெஞ்சுல கூப்பி வச்சி "கும்பிடு புள்ள, நல்லாக் கும்பிடு" எண்டு அப்பிடியே அமத்திப் புடிச்சிக்கொண்டு நிப்பாங்க. கையக் கூப்பி வச்சிட்டா அவளால பேச ஏலாது. எங்கட வாயப் பொத்திப் போட்டு இப்ப தேவாரம் பாடு எண்ட மாதிரித்தான் அது. அவ தானா ஒரு ஒழுங்கு வச்சிருக்கா, முதல்ல கூப்புவா, மறுகா கைய விரிச்சி நெஞ்சுக்குக் கிட்டச் சின்னதா சைகையில சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லுவா, முடிஞ்ச உடன திரும்பக் கூப்புவா. ஆகவே அப்பிடி ஒரு புள்ளய கோயில்ல கண்டா கையத் தொடாதீங்க, அவ்வளவும் போதும்.

எங்கட ஊர் ஐயர் ஒருக்கா எனக்கு விளங்கப்படுத்தினவர், ஜபத்த மூணாப் பிரிப்பாங்களாம், சத்தமாச் சொல்றது வாசிகம், உதடு மட்டும் அசையச் சொல்றது உபாம்சு, ஒண்டுமே அசையாம மனசால சொல்றது மானசம், அதுல மானசம்தான் ஆக உயர்ந்தது, உதட்ட அசைக்கிறதும் அதுக்குக் கீழதான். அம்மா அதக் கேட்ட நாளோட தங்கச்சிய "ஓ... ஓ..." எண்டு சத்தம் போடச் சொல்லிக் கரச்சல் குடுக்கிறத விட்டுட்டா. எழுதுறதும் ஜபம்தான், லிகித ஜபம் எண்டு சொல்லுவாங்க. தங்கச்சி சீஆர் கொப்பி ஒண்டுல சரவணபவ எண்டு எழுதிக்கொண்டு வாறா, சஷ்டிக்கு விரதம் இருக்கக்குள்ள கூட எழுதுவா. ஆனா ஒரு விசயம் வடிவா விளங்கிக்கொள்ளணும். எழுத்துத் தெரியும்தானே எண்டு தேவாரப் புத்தகம் ஒண்ட வாங்கிக் கையில குடுத்தா வேல முடிஞ்சிது எண்டு நினைக்கக் கூடாது. நாங்க தமிழக் காதால கேட்டு வளந்து மறுகா எழுத்துப் படிச்சம், அவ எழுத்த மட்டும் கண்ணால பாத்து, அதுவும் பள்ளிக்கூடம் போன பிறகுதான் படிச்சவ, அவளுக்குத் தாய்மொழி சைகை, தமிழ் ரெண்டாவது. போன்ல வாற மெசேஜ் வாசிப்பா, பழைய செய்யுள் தமிழ் அவளுக்கு ஏறாது. அதால நான் முதல்ல அந்தப் பாட்டுட பொருளக் கையால சொல்லிக் காட்டுவன், அவ அதத் தன்ட சைகையில திருப்பி எனக்குச் சொல்லுவா, சரியா வந்தா மறுகா அந்த ஒரு அடிய மட்டும் கொப்பியில எழுதுவா. ஒரு பதிகம் முடிக்க மாசக்கணக்குப் போகும், போகட்டும், அவளுக்கு விளங்கின பாட்டு அவளுக்குச் சொந்தமா நிக்கும்.

அர்ச்சனைக்கு ஒரு சின்ன வழி இருக்கு. ஐயர் வந்து பேரும் நட்சத்திரமும் கேக்கிறது அவளுக்குத் தெரியாது, உதட்டப் பாத்துப் புடிக்கவும் ஏலாது, ஏனெண்டா தமிழ்ல பணம் எண்டாலும் மணம் எண்டாலும் உதடு ஒரே மாதிரித்தான் அசையும், அதுக்குள்ள தாடி இருந்தா அல்லது மைக் வாய மறைச்சா ஒண்டும் இல்ல. அதால பேரும் நட்சத்திரமும் பெரிசா எழுதின துண்டு ஒண்ட வீட்டுலயே எழுதித் தட்டுல வெத்திலைக்கு மேல வச்சிக் குடுக்கிறம், அவ தானே நிண்டு அர்ச்சனை செய்யிறா, நான் பக்கத்துல நிக்கத் தேவையில்ல. அந்தத் துண்டு வந்த பிறகுதான் அவ தனியக் கோயிலுக்குப் போகத் தொடங்கினவ. தீபாராதனைக்கு மணி அடிக்கிறது கேளாது எண்டதால திரை விலகுறது தெரியிற எடத்துல, தூணுக்குப் பின்னால போகாம நிக்கணும், அதயும் முதலே பாத்து வச்சிக்கொண்டா சரி.

அவளுக்கு ஆக விருப்பமான கோயில் மண்டூர். குருமண்வெளியில இருந்து பாதை எண்டு சொல்ற மிதவையில ஆத்தக் கடந்து போன ஆக்களுக்குத் தெரியும், சின்னக் கதிர்காமம் எண்டு சொல்ற எடம். அங்க கப்புகனார் வெள்ளத் துணியால வாயக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், கதிர்காமத்துல மாதிரித்தான், மந்திரம் சத்தமா வராது. மத்தக் கோயில்ல ஐயர்ட வாய் அசையிறதப் பாத்தா "என்ன சொல்றார், என்ன சொல்றார்" எண்டு என்ட கையச் சுரண்டிக்கொண்டே நிப்பா, மண்டூர்ல அப்பிடி ஒரு நாளும் கேட்டதில்ல. முதல் முறை அந்த வாய்க்கட்டப் பாத்துப் போட்டு என்னட்டத் திரும்பி, இவரும் எங்கட ஆளா எண்டு சைகையில கேட்டா. இல்ல, பேசுவார், இங்க பேச மாட்டார், முருகனுக்கு முன்னால இப்பிடித்தான் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு ஆவணித் திருவிழா வந்தா அவள வீட்டுல வச்சிக்கொள்ள ஏலாது.

இப்ப அக்கரைப்பற்றுத் தம்பிட கதை. பள்ளிவாசலுக்குள்ள ஆம்புளையள்ட ஸப்புல, தொழுகை வரிசையில, நான் நிக்க ஏலாது, அவன் எனக்கு அவங்கட வீட்டு ஹோல்ல பாய் விரிச்சி ஒவ்வொண்டா நடிச்சிக் காட்டினதும், அவன்ட அக்கா, ராத்தா எண்டு சொல்றவ, அதுக்கு விளக்கம் சொன்னதும்தான் நான் எழுதுறது. அவன்ட உம்மாட பயம் எங்கட அம்மாட பயத்தப் போலதான், தொழுகையில குர்ஆன்ட முதல் அத்தியாயமான பாத்திஹா சூரா ஓதாட்டித் தொழுகை கூடாதே, இவன் வாயால ஓத ஏலாதே எண்டு. ஊர் மௌலவிட்டப் போய்க் கேட்டிருக்காங்க. அவர் சொன்னது ஷாபி மத்ஹபு எண்ட மார்க்கச் சட்ட வழிப்படி, இலங்கையில கனபேர் அதத்தானே பின்பற்றுறாங்க. பேசிக்கொண்டிருந்து இடையில பேச்சுப் போன ஆள் எண்டா ஏலுமான அளவுக்கு நாக்கையும் உதட்டையும் அசைக்கணும், மனசுல ஓதணும். பிறவியிலயே பேச்சு இல்லாத ஆளுக்கு அந்த அசைப்பும் கடமை இல்ல, அவ்வளவு நேரம் நிண்டாச் சரி. சக்திக்கு மேல அல்லாஹ் ஆரையும் சிரமப்படுத்துறதில்ல எண்டு பகரா சூராவிட கடைசி ஆயத்துல, கடைசி வசனத்துல, இருக்கே எண்டும் சொல்லியிருக்கார். ஊமையான ஆள்ட சைகை விளங்கக்கூடியதா இருந்தா அது பேச்சுக்குச் சமன், நிக்காஹ்வும் யாவாரமும் அதாலயே செய்யலாம். ஆனா தொழுதுகொண்டிருக்கக்குள்ள அவன் சைகை காட்டினா மட்டும் அதப் பேச்சா எடுக்கிறதில்ல, பேசினா முறியிற மாதிரி அவன்ட தொழுகை முறியாது. இந்த அளவுக்கு நுணுக்கமா எப்பவோ யோசிச்சி எழுதி வச்சிருக்காங்க எண்டது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனாலும் அவன் நிலையில நிக்கக்குள்ள கையக் கட்டித்தான் வச்சிருக்கான், ஏன் சைகையில ஓத மாட்டியா எண்டு கேட்டன், கை கட்டியிருந்தாலும் உள்ளுக்கு என்ட கை ஓதுது எண்டு சொன்னான்.

அவனுக்குச் சிக்கல் ஓதுறதுல இல்ல, ஜமாஅத்துல, எல்லாரும் கூட்டாத் தொழுறதுல. இமாமுக்கு முந்தக் கூடாது, அளவுக்கு மிஞ்சிப் பிந்தவும் கூடாது. மத்தியானம் லுஹரும் பின்னேரம் அஸரும் எல்லாருக்குமே சத்தமில்லாத தொழுகை, அங்க அவனும் மத்த ஆளும் ஒண்டு, நிலை மாறக்குள்ள இமாம் சொல்ற தக்பீர் மட்டும்தான் அவனுக்குக் கேளாது. நிலையில நிக்கக்குள்ள முன்னுக்கு இருக்கிற ஆக்கள் குனியிறது தெரியும், குனியிற ருகூவுல பக்கத்தாள்ட முழங்கால் தெரியும், சுஜூதுல நெத்தி பாயில, கண்ணுக்கு முன்னால பாய்தான். இமாம் எழும்பினத எப்பிடி அறியிறது? அவன் கண்டுபுடிச்சது பக்கத்தாள்ட உள்ளங்கை. சுஜூதுல பக்கத்துல இருக்கிற ஆள்ட கை தலைக்குக் கிட்ட நிலத்துல ஊண்டியிருக்கும், அது கடைக்கண்ணுக்குத் தெரியும், அந்தக் கை நிலத்த விட்டா இவன் எழும்புவான். இதுல ரெண்டு கவனம் வேணும். பக்கத்துல சின்னப் பொடியனுகள் நிண்டா அவனுகள் அவசரத்துல முந்தி எழும்புவானுகள், இவனும் சேந்து முந்திருவான், அதால பக்கத்துல நிதானமான ஆள் ஒருத்தர் நிக்கணும், அவனுக்கு அவன்ட மாமா நிப்பார். மத்தது, முதல் ஸப்புல நிண்டா இமாம் ஒருத்தரத்தான் பாக்கலாம், ரெண்டாவது ஸப்புல நிண்டா முன்னுக்கு ஒரு ஸப்பு முழுக்கத் தெரியும். இமாமையோ ஸப்பையோ கண்டு பின்பற்றினாப் போதும் எண்டதுதான் சட்டமும். பொம்புளையள்ட பக்கம் திரை போட்டிருந்தாலும் முன் ஸப்பப் பாத்துத் தொழலாம் எண்டு ராத்தா சொன்னவ, ஆனா முன் ஸப்புல நிண்டா முன்னுக்குத் திரைதான் தெரியும், அப்ப பக்கத்தாள் மட்டும்தான் துணை.

அவன் ஆக மாட்டுப்பட்டது வெள்ளிக்கிழமை விடியக்காலைத் தொழுகையான சுபஹுல. அண்டைக்கு இமாம் ஸஜ்தா சூரா ஓதுவார், ஓதிக்கொண்டு போகக்குள்ள ஸஜ்தா ஆயத்து வந்த உடன நிலையில இருந்து நேரா சுஜூதுக்குப் போவார், ருகூஃ இல்ல. ஸப்பு அசையிறதக் கண்ட உடன இவன் பழக்கத்துல ருகூவுக்குக் குனிஞ்சிட்டான், பாத்தா எல்லாரும் நிலத்துல. மறுகா எழும்பித் திரும்ப நிலையில நிப்பாங்க, அதுவும் அவனுக்கு விளங்கல்ல, தொழுகையில ஒவ்வொரு சுற்றையும் எண்ணுற ரக்அத்துக் கணக்கு மாறிப் போச்சி. காது கேக்கிற ஆக்களுக்கு அந்த ஆயத்தக் கேட்டு முதலே தெரியும், இவனுக்கு ஆரும் சொல்லல்ல, ஏனெண்டா அது ஒரு விசயமா ஆருக்கும் தோணல்ல. இப்ப மாமா என்ன செய்யிற எண்டா, வெள்ளிக்கிழமை தொழத் தொடங்க முதல் அவனுக்கு சைகையில ஞாபகப்படுத்துவார், முதலாவது ரக்அத்துல நேரா சுஜூது, எழும்பி மறுகாதான் ருகூஃ எண்டு. அதே சுபஹுல ரெண்டாவது ரக்அத்துல குனூத்து எண்ட வேண்டுதல் ஓதுறது அவனுக்குக் கஷ்டமே இல்ல, எல்லாரும் கைய ஏந்துவாங்க, அது கண்ணுக்குத் தெரியுது. காது கேளாத புள்ள ஒண்டுக்குத் தொழப் பழக்கிற ஆக்கள் இப்பிடி எது தெரியும், எது தெரியாது எண்டு பிரிச்சி யோசிச்சி, தெரியாதத மட்டும் முதலே சொல்லிக் குடுத்தாப் போதும். தொழுகை வக்துக்கு போன்ல வைப்ரேஷன் வச்சித் தலகணிக்குக் கீழ வைக்கிறான், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு நாள் மூணு பேரும் இருக்கக்குள்ள கத்தோலிக்கப் புள்ள செக்கரியாட கதையச் சொன்னா, கோயிலுக்குள்ள தூபம் காட்டப் போன குரு, தேவதூதன் சொன்னத நம்பாததால பேச்சு இல்லாம வெளிய வந்து சனத்துக்கு சைகை காட்டினது, புள்ள பிறந்த பிறகு பேர் என்னெண்டு கேக்க எழுத்துப் பலகை வாங்கி யோவான் எண்டு எழுதினது. அக்கரைப்பற்றுத் தம்பி துள்ளி எழும்பிட்டான், அது எங்கட ஸகரிய்யா நபி எண்டு. குர்ஆன்லயும் அவர் மூணு நாள் மனுசரோட சைகையாலதான் கதைச்சவர், தொழுற எடமான மிஹ்ராபுல இருந்து வெளிய வந்து காலையும் மாலையும் இறைவனத் துதியுங்க எண்டு சைகையாலதான் சனத்துக்குச் சொன்னவர். ரெண்டு பேரும் அந்தச் சைகை எப்பிடி இருந்திருக்கும் எண்டு செய்து காட்டிக்கொண்டே இருந்தாங்க, தங்கச்சியும் சேந்து.

கத்தோலிக்கப் புள்ளைக்குப் பூசையில பிரச்சினை குறைவு, எழும்புறது முழங்கால்ல நிக்கிறது எல்லாம் கண்ணால பாத்துச் செய்யலாம், பூசை ஒழுங்கு எப்பவும் ஒரே மாதிரித்தான், நற்கருணைய, நன்மைய எடுக்கிறதுக்குக் காது தேவையில்ல. பிரச்சினை பாவசங்கீர்த்தனம், பாதரிட்டப் பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது. அவ என்னட்ட வந்து நீங்க வந்து பாதருக்குக் கதைச்சிக் குடுங்க அக்கா எண்டு கேட்டவ. நான் இந்து, இது சரி வருமா எண்டு எனக்குத் தெரியாது, அதால பாதரிட்ட முதல்ல நானே போய்க் கேட்டன். 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துல 990ம் சட்டம், மொழிபெயர்க்கிற ஆள் ஒருத்தர வச்சிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அதால துர்ப்பிரயோகமும் இடறலும் வராமப் பாத்துக்கொள்ளணும் எண்டு சொல்லுது, 983ம் சட்டத்துல அந்த ஆளும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் எண்டு இருக்கு எண்டார். அப்ப நான் செய்யலாம். ஆனா அவர் அந்தப் புள்ளைட்ட இன்னொரு வழியும் இருக்கு எண்டு எழுதிக் காட்டினார், நீயே எழுதிக்கொண்டு வா, நான் வாசிக்கிறன், பதில் எழுதித் தாறன், அக்கா தேவையில்ல எண்டு. அவ கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துப் போட்டு எழுதுறது எண்டா. எனக்கு உள்ளுக்குப் பெரிய ஆறுதல். எவ்வளவு பாசமான ஆள் எண்டாலும் நடுவுல நிக்கிற ஆளுக்கு முன்னால சொல்ல ஏலாத பாவம் எல்லாருக்கும் இருக்கும், அதுலயும் ஊர்ல ஒரே ஆள்தான் சைகை தெரிஞ்ச ஆள் எண்டா அந்த ஆளுக்கு உங்கட வாழ்க்கை முழுக்கத் தெரிஞ்சிரும்.

எழுத்துல செய்யிற முறைய அவ எனக்குச் சொன்ன அளவுக்குச் சொல்றன். பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள்ள இருட்டுல கம்பி வலைக்குப் பின்னால இல்ல, கதவு உள்ள வெளிச்சமான அறையில, பாதர் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் முகத்துல வெளிச்சம் விழுற மாதிரி இருக்கணும், சன்னல் அவருக்குப் பின்னால இருந்தா முகம் கறுப்பாத்தான் தெரியும். பாவத்த எழுதின தாளக் குடுப்பா, அவர் வாசிச்சி, கேக்க வேண்டியது இருந்தா அதுலயே எழுதிக் கேப்பார், என்ன செபம் பரிகாரமாச் செய்யணும் எண்டும் எழுதுவார். மறுகா கைய நீட்டிப் பாவமன்னிப்பு வார்த்தையச் சொல்லிச் சிலுவை அடையாளம் போடுவார், அதப் பாத்துத்தான் மன்னிப்புக் கிடைச்சது எண்டு அவளுக்குத் தெரியும், அதால அந்தக் கை அவள்ட கண்ணுக்கு முன்னால வரணும், தலைக்கு மேல போனாத் தெரியாது. முடிஞ்ச உடன தாளத் திருப்பி வாங்கி அவளே கிழிச்சி வீட்டுக்குக் கொண்டு போய் அடுப்புல போடுவா. போன்ல டைப் பண்ணிக் காட்டினா லேசுதானே எண்டு நான் கேட்டன், வேணாம் எண்டா. அவ சொன்னது சரிதான், போன்ல அழிச்சது எங்கயாவது நிக்கும், தம்பிமாரு போன வாங்கிப் பாப்பானுகள். மெசேஜ்ல அனுப்பிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் ஏலாது, பாதரும் அவளும் ஒரே இடத்துல இருக்கணும்.

எழுத்து வடிவா வராத புள்ள எண்டா இது சரி வராது, அப்ப சைகை தெரிஞ்ச ஆள் வேணும்தான். அப்பிடி வேற ஒருத்தருக்கு நான் போயிருக்கன், என்ன சொன்னது எண்டு இங்க எழுத மாட்டன், எங்கயும் சொல்ல மாட்டன். அந்த வேலைக்குப் போற ஆக்களுக்கு நான் சொல்றது இதுதான். பாதருக்குப் பக்கத்துல, கொஞ்சம் பின்னுக்கு இருங்க, அந்த ஆள் உங்களையும் பாதரையும் ஒரே பார்வையில பாக்கணும். சொன்னதக் கூட்டாம குறைக்காம சொல்லுங்க, நாகரிகமா மாத்தாதீங்க. விளங்காட்டித் திரும்பக் கேளுங்க, ஊகிச்சிச் சொல்லாதீங்க. வீட்டுச் சொந்தக்காரர் எண்டா ஏலுமெண்டா வேற ஆளத் தேடிக் குடுங்க, தாய்க்கு முன்னால மகள் தாயப் பத்திச் சொல்ல மாட்டா.

அந்தப் புள்ளைக்கு இப்ப கலியாணம் பேசியிருக்கு, மாப்பிள்ளையும் காது கேளாதவர்தான். சம்மதம் சொல்றத வாயால சொல்ல ஏலாட்டி அதுக்குச் சமனான சைகையால சொன்னாச் சரி எண்டு 1104ம் சட்டத்துல இருக்கு, பாதர் அதையும் எடுத்துக் காட்டிட்டார். இப்ப அவங்களுக்கு இருக்கிற வேலை, பீடத்துல மாப்பிள்ளையும் பொம்புளையும் பக்கம் பக்கமா நிக்காம முகத்துக்கு முகம் பாத்து நிக்கிறது, பூச்செண்ட ஆரும் வாங்கி வச்சிக்கொள்ளுறது, போட்டோக்காரர் நடுவுல பாயாம இருக்கிறது. பூச்செண்டு தங்கச்சிட பொறுப்பு.